ஏனாம் 77, கடலூர் 14: சதவீதமா, எண்ணிக்கையா?

ஊர்களின் மக்கள்தொகை மாற்றத்தை எழுதும்போது சதவீதத்தை மட்டும் தரலாம், எண்ணிக்கையை மட்டும் தரலாம், இரண்டையும் சேர்த்தும் தரலாம். நான் மூன்றாவதையே தேர்ந்துகொண்டேன். 2001, 2011 கணக்கெடுப்புகளில் நம் பகுதி எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அந்தப் பத்தாண்டில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த ஏனாம் 77 சதவீதம் வளர்ந்தது. புதுச்சேரிப் பகுதி 29 சதவீதம், கடலூர் மாவட்டம் 14 சதவீதம். இவ்வளவோடு நிறுத்தினால், ஏனாமில்தான் மக்கள் வந்து குவிந்தார்கள் என்று படிப்பவர் நினைப்பார். கூடிய ஆட்களை எண்ணினால் வரிசை அப்படியே தலைகீழாகிறது. கடலூரில் 3,20,519 பேர் கூடினார்கள், புதுச்சேரிப் பகுதியில் 2,14,957 பேர், ஏனாமில் வெறும் 24,232 பேர்.

சரி, எண்ணிக்கை மட்டும் போதுமா? அதுவும் போதாது. 24,232 என்பது கடலூர் மாவட்டத்துக்குப் பெரிய எண் அல்ல. ஏனாமிலோ 2001இல் இருந்தவர்களே 31,394 பேர்தான். நான்கு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கும் குடிநீருக்கும் அந்த ஊரில் ஏற்பட்ட நெருக்கடியைச் சதவீதம்தான் உணர்த்துகிறது. யூனியன் பிரதேசம் முழுவதற்கும் கூடுதலாக எத்தனை பேருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டால் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இரண்டுக்கும் சம இடம் தர எனக்கு மனமில்லை. தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் கையில் இருந்தால் சதவீதத்தைப் படிப்பவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 77 சதவீதத்தை மட்டும் கொடுத்தால் அதிலிருந்து 31,394ஐ யாராலும் மீட்க முடியாது. எதிலிருந்து கணக்கிட்டோம் என்பதை மறைத்த சதவீதத்தைச் சரிபார்க்கவே வழியில்லை. அதனால் நான் எழுதும் முறை இது: "ஏனாமின் மக்கள்தொகை 31,394இலிருந்து 55,626 ஆனது (77 சதவீத உயர்வு)." இரண்டு எண்களும் முதலில், சதவீதம் அடைப்புக்குறிக்குள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எளிமைக்காக 31 ஆயிரத்திலிருந்து 56 ஆயிரம் என்று முழுமையாக்கிவிட்டு 77 சதவீதம் என்று எழுதினால், கணக்குப் போடுபவருக்கு 81 வரும். நம் எண்ணையே சந்தேகிப்பார். நூறுக்கு முழுமையாக்கி 31,400, 55,600 என்று எழுதினால் 77 சரியாக வருகிறது. சதவீதத்தை எப்போதும் முழுமையாக்காத எண்களிலிருந்தே கணக்கிட வேண்டும்.

இரண்டு மூன்று ஊர்களை ஒப்பிடும்போது இந்த முறை நன்றாக நிற்கிறது. இருபது முப்பது ஊர்கள் என்றால் அடைப்புக்குறிகள் கண்ணை உறுத்தக்கூடும். அத்தனை நீளமாக நான் எழுதிப் பார்த்ததில்லை. அங்கே தொடக்க எண், முடிவு எண், சதவீதம் என மூன்று பத்திகளில் அட்டவணை போடுவதே மேல் என்று நினைக்கிறேன்.