முதல் வரிசையா, இறக்கைப் பக்கமா?

டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மயூர் விஹாரில் ஒரு தமிழ்க் குடும்பம் கிளம்புகிறது என்று வையுங்கள்: அப்பா, அம்மா, காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் ஏழு வயதுப் பெண், மதியம் தூங்கியே ஆக வேண்டிய இரண்டரை வயதுப் பையன். முதல் வரிசையில் சீட் போடச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். கால் நீட்டலாம், முன்சீட்டுக்காரர் நம் மேல் சாய மாட்டார். அது உண்மைதான்.

ஆனால் அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கி இருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, பையன் அம்மா மடியில் தலை வைத்துக் குறுக்கே படுக்கவும் முடியாது. முன்னால் சீட் இல்லாததால் ஏறும்போதும் இறங்கும்போதும் பைகள் எல்லாம் மேலே போய்விடும். பெண்ணுக்குக் குமட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஈரத்துணியும் மாற்றுச்சட்டையும் எட்டாத இடத்தில் இருக்கும். கழிப்பறைக்கு நிற்பவர்களும் சமையல் பகுதி விளக்கும் வேறு. தொட்டில் கிடைக்கும் என்பது பெரிய விமானங்களில் கைக்குழந்தைக்கு மட்டும் பொருந்தும். அங்கேயும் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கைப் பக்கம் எடை மையத்துக்கு அருகில் இருப்பதால் மூக்கும் வாலும் ஏறி இறங்கும் ஆட்டம் அங்கே குறைவு. வால்பகுதிதான் மோசம், முதல் வரிசை இடைப்பட்டது. விமானம் மொத்தமாகக் குலுங்கினால் எந்த சீட்டும் தப்பாது, அது வேறு. எஞ்சின் இரைச்சல் இருக்கும்தான். ஆனால் ஒரே சீரான இரைச்சலில் பையன் தூங்கிவிடுவான், கழிப்பறைக் கதவுச் சத்தத்தில்தான் விழிப்பான்.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ஏ320 வகை விமானத்தில் அவசர வழி வரிசைகள் பெரும்பாலும் 12, 13. அங்கே குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். 11-உம் பல விமானங்களில் சாயாது. ஆகவே என் தேர்வு 15, 16.

நால்வரையும் குறுக்கே பரப்பாமல் இரண்டிரண்டாக அடுக்கலாம்: ஜன்னலோர 15ஏ-வில் பெண், நடுவிலுள்ள 15பி-யில் அம்மா, பின்னால் 16ஏ-வில் பையன், 16பி-யில் அப்பா. பெண்ணுக்கு அடிவானம் தெரியும். பையன் உதைத்தாலும் அக்கா முதுகில்தான் விழும், சண்டை வீட்டுக்குள்ளேயே முடியும். நடைபாதை ஓரம் இல்லாததால் சாப்பாட்டு வண்டி அவன் கால்களில் இடிக்காது.

ஒரே ஜன்னல்தான் கிடைத்தது என்றால்? பகலில் பெண்ணுக்கு. இரவில் வெளியே பார்க்க ஒன்றுமில்லை, அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டால் போதும், ஜன்னல் பையனுக்கு. மே மாத மதிய விமானத்தைவிட அதிகாலை விமானம் குலுங்குவது குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏ321-இல் அவசர வழிகள் வேறு வரிசைகளில் இருக்கும். விமானம் மாறினால் சீட்டும் மாறும், அதனால் வெப் செக்-இன் போது சீட் வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.