பூண்டுக்கு 7 நாள், ஜின்கோவுக்கு ஒன்றரை நாள்: ஆபரேஷனுக்கு முன் மூலிகை மாத்திரைகளை நிறுத்தும் கணக்கு

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டால், பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். காலையில் விழுங்கும் பூண்டு கேப்ஸ்யூலும் இரவில் பாலில் கலக்கும் அமுக்கரா சூரணமும் மருந்துக் கணக்கில் வருவதில்லை. அவற்றையும் சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் இரண்டு விதம். ஒன்று, எதுவாக இருந்தாலும் 2 வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள் என்பது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் நெடுநாளாகச் சொல்லி வந்தது இதைத்தான். மற்றொன்று, ஒவ்வொரு மூலிகைக்கும் தனி நாள் கணக்கு. 2001-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் அலசல் 8 மூலிகைகளை எடுத்துக்கொண்டு அப்படித்தான் பிரித்தது: பூண்டு 7 நாள், நினைவாற்றலுக்காக எடுக்கும் ஜின்கோ 36 மணி நேரம், மனச்சோர்வுக்காக எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் 5 நாள், இப்படி.

மூலிகை எவ்வளவு 'வீரியமானது' என்பதை வைத்து இந்த நாட்கள் அமைவதில்லை. அது உடம்பில் எதைக் கெடுக்கிறது, கெட்டது எப்படிச் சரியாகிறது என்பதே கணக்கு.

பூண்டையும் ஜின்கோவையும் பக்கத்தில் வைத்தால் இது புரியும். இரண்டுமே பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. பூண்டிலிருந்து உருவாகும் அஜோயின் என்ற பொருள் தட்டணுவைக் கெடுத்தால், அந்தத் தட்டணு சாகும்வரை சரியாகாது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆகவே எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்பிரினுக்கு ஒரு வாரம் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஜின்கோ அப்படி இல்லை. அதன் பொருட்கள் தட்டணுவைத் தூண்டும் ஒரு சமிக்ஞையை மறிப்பதோடு சரி. அவை ரத்தத்திலிருந்து நீங்கியதும் தட்டணு பழையபடி வேலை செய்யும். அதனால்தான் ஒன்றரை நாள் போதும் என்றார்கள். ஜின்கோ ரத்தக்கசிவை உண்டாக்கியதாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வந்திருந்தாலும், ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில் உறைதலில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் அதிகம் கவலைப்பட வேண்டியது பூண்டுக்குத்தான்.

ரசத்தில் போடும் பூண்டை நிறுத்த வேண்டியதில்லை. கொதிக்கும்போது அந்தக் குணம் பெருமளவு குறைந்துவிடுகிறது. பிரச்சினை, செறிவூட்டிய கேப்ஸ்யூலும் தினமும் வெறும் வயிற்றில் மென்று விழுங்கும் பச்சைப் பூண்டும். தினம் 4 பல் அளவு பூண்டு சாப்பிட்ட 87 வயதுக்காரருக்கு, எந்த அடியும் படாமல் முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் கட்டியதாக 1990-ல் ஓர் அறிக்கை வந்தது. ஒரே ஒருவரின் கதைதான், ஆனால் இடம் கவனிக்க வேண்டியது. வயிற்றிலோ தொடையிலோ கூடுதலாக 50 மில்லி கசிந்தால் சமாளித்துவிடலாம். மூளை, கண்ணின் உட்பகுதி, முதுகுத்தண்டு போன்ற மூடிய இடங்களில் சில மில்லி ரத்தமே நரம்பை அழுத்திவிடும்.

இன்னொரு பொறி: "ரத்தப் பரிசோதனை நார்மல்தானே?" ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் பி.டி., ஐ.என்.ஆர். எல்லாம் உறைதல் புரதங்களை அளப்பவை. பிளேட்லெட் எண்ணிக்கை, எத்தனை இருக்கிறது என்று மட்டும் காட்டும். அவை ஒட்டுமா ஒட்டாதா என்று காட்டாது. பூண்டு கேப்ஸ்யூல் சாப்பிடுபவருக்கு மூன்றுமே நார்மலாக வரலாம். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேப்ஸ்யூலைத் தொடர்வது தப்பு.

மயக்கத்தைப் பாதிப்பவற்றில் ஒப்பிட வேண்டிய ஜோடி வலேரியனும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும். தூக்கத்துக்காக எடுக்கும் வலேரியன், மயக்க மருந்து வேலை செய்யும் அதே வழியில், காபா என்ற மூளை வேதிப்பொருள் மூலம், மூளையை அமைதிப்படுத்துவதால் மயக்கத்தைக் கூட்டும், விழிப்பதும் தாமதமாகலாம். அதற்குப் பயந்து, பல மாதம் எடுத்தவர் முந்தின நாள் சட்டென்று நிறுத்தினால் வேறு வம்பு. தூக்க மாத்திரையை நிறுத்தியதுபோலப் படபடப்பும் குழப்பமும் வரலாம். 1998-ல் வெளியான ஓர் அறிக்கையில், அதிக அளவு வலேரியன் எடுத்துவந்தவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இதயக் கோளாறும் சித்தக் குழப்பமும் வந்தன. ஆகவே வலேரியனைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நேர் எதிர். அது கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே கரைந்துபோகும். மூலிகையின் பொருட்கள் உடம்பிலிருந்து மெதுவாகவே வெளியேறும் என்பதால் 5 நாள்.

நம் ஊரில் அதிகம் எடுக்கும் அமுக்கராவுக்கு இப்படித் துல்லியமான கணக்கு கிடையாது. உறக்கம் தரும் குணம் உண்டு என்பதால், 2 வார விதியையே பிடித்துக்கொள்வது நல்லது. மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூலுக்கும் அதேதான். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 64 வயதுப் பெண், மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இன்னும் 12 நாள், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யப் போகிறார்கள். தினம் 2 பூண்டு கேப்ஸ்யூல், ஒரு மஞ்சள் கேப்ஸ்யூல், 8 மாதமாக இரவில் வலேரியன். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். பூண்டும் மஞ்சளும் இன்றே நிற்கலாம். 12 நாள் பூண்டுக்குத் தாராளம். ஆஸ்பிரினும் பூண்டும் சேர்ந்து ஒரே தட்டணுவை இரண்டு பக்கம் கெடுப்பது நிற்கும். வலேரியனை இன்றே குறைக்கத் தொடங்கி, எந்த வேகத்தில் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆஸ்பிரினைத் தானாகத் தொடக்கூடாது. 'எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள்' என்று அதையும் சேர்த்து நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம்; ரத்தக்கசிவைவிட அது பெரிய ஆபத்து. 2 வார விதியின் பலவீனமே, இப்படிக் கேட்டவர் அதை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் நீட்டிக்கொள்வதுதான்.

அதே பெண் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நாளைக்கே ஆபரேஷன் என்றால்? இரண்டு விதியும் உதவாது. மூலிகைக்காக மட்டும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், முதுகு ஊசியைத் தவிர்க்கவும் வேண்டாம் என்பது, உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வட்டார மயக்கவியலுக்கான அமெரிக்கச் சங்கத்தின் நிலைப்பாடு. வலேரியனைச் சட்டென்று நிறுத்தாமல் தொடரலாம், டாக்டருக்குத் தெரிந்திருந்தால். அதனால் டப்பாக்களை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான் வேலை. லேபிளில் இருக்கும் மில்லிகிராம், கடைசியாக எப்போது விழுங்கியது, இரண்டும் டாக்டருக்கு வேண்டும்.

முதுகு ஊசிக்குப் பிறகு பார்க்க வேண்டியதையும் உடனிருப்பவர் தெரிந்துகொள்ளட்டும். சில மணி நேரத்தில் மரப்பு குறைந்து கால் அசையத் தொடங்க வேண்டும். அசைந்த கால் மறுபடி மரத்தாலோ, நேரமாகியும் அசையாவிட்டாலோ, முதுகில் கடும் வலி வந்தாலோ, 'ஊசி இன்னும் வேலை செய்யுது' என்று விடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். உடனடியாக எம்.ஆர்.ஐ. எடுத்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் கால் செயலிழந்த 8 மணி நேரத்துக்குள் அதை அகற்றியவர்களுக்குத்தான் கால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.