குடியிருப்பதா, வாடகைக்கு விடுவதா: கட்டும் காலத்து வட்டி எங்கே கைகொடுக்கும்?

கன்னங்குறிச்சியில் வீடு கட்டிய ஒரு தம்பதி போன ஆண்டு வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வந்தார்கள். மஞ்சப்பையில் வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழ்கள், ஆண்டுக்கு ஒன்றாக. "அண்ணா, இந்த வீட்டுல நாங்களே இருக்கலாமா, வாடகைக்கு விட்டுட்டு இப்ப இருக்கற இடத்துலயே இருந்துக்கலாமா? எதுல வரி குறையுங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். கணவர் பழைய வரி முறையில் இருப்பவர். பத்திரமும் கடனும் அவர் பெயரில் மட்டும்.

2021 ஆகஸ்டில் கடன் வாங்கினார்கள். கட்டுமானம் வளர வளர வங்கி பணம் விடுவித்தது, இவர்கள் வட்டி கட்டி வந்தார்கள். வீடு முடிந்தது 2024 ஏப்ரலில். வீடு முடியாதவரை வட்டியைக் கழிக்க வழியில்லை. கடன் வாங்கிய நாள் முதல், வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரையிலான வட்டியைக் கூட்டி, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணைகளாகக் கழிக்கச் சொல்கிறது 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 24(பி). இவர்களுக்கு அது 2021-22இல் 50,000, அடுத்த ஆண்டு 1,60,000, அதற்கடுத்து 2,40,000. மொத்தம் 4,50,000 ரூபாய், ஆண்டுக்கு 90,000. 2024-25இல் கட்டிய வட்டி 3,10,000. இரண்டும் சேர்ந்து 4,00,000.

குடியிருந்தால், அந்த நாலு லட்சத்தில் இரண்டு லட்சம்தான் கழியும். பலர் தவறுவது இங்கேதான். பழைய வட்டியின் தவணை இந்த உச்சவரம்புக்கு வெளியே தனியாகக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அதுவும் இரண்டு லட்சத்துக்குள் அடக்கம். நடப்பு வட்டியே வரம்பைத் தாண்டிவிட்டதால் 90,000 இந்த ஆண்டு வீண். வட்டி குறைய ஆண்டுகள் பல ஆகும் என்பதால் மற்ற நான்கு தவணைகளும் ஏறக்குறைய அப்படியே போகும்.

வாடகைக்கு விட்டால் வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது. மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. கட்டிய வீட்டு வரி 6,000 போக 1,74,000. அதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம், 52,200, பில் எதுவும் கேட்காமல் கழிப்பார்கள். மிச்சம் 1,21,800. அதிலிருந்து நாலு லட்சத்தைக் கழித்தால் 2,78,200 நட்டம். சம்பளத்தோடு ஈடுகட்ட இதில் இரண்டு லட்சம்தான் முடியும். மீதி 78,200 எட்டு ஆண்டுகள் வரை காத்திருந்து, வீட்டு வருமானத்தில் மட்டும் கழியும். ஆக, சம்பளத்தில் குறைவது இரண்டு வழியிலும் அதே இரண்டு லட்சம். வாடகைக்கு வரியில்லாமல் போவதுதான் கூடுதல். அதற்குத்தான் அந்த 90,000மும் உழைக்கிறது.

புதிய வரி முறைக்கு மாறினால் நிலைமை வேறு. குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே இல்லை. வாடகை வீட்டில் வட்டி கழியும், ஆனால் நட்டத்தைச் சம்பளத்தில் ஏற்ற முடியாது.

இவர்கள் விஷயத்தில் எனக்கு மனசு வருத்தப்பட்டது தேதியைப் பார்த்துத்தான். வீட்டு வேலை மார்ச்சிலேயே ஏறக்குறைய முடிந்திருந்தது. பங்குனியில் வீடு குடிபோகக் கூடாது, சித்திரையில் பால் காய்ச்சலாம் என்று கடைசிப் பூச்சையும் தள்ளிவிட்டார்கள். சட்டம் பார்ப்பது கட்டுமானம் முடிந்த தேதியை, பால் காய்ச்சிய தேதியை அல்ல. மார்ச்சில் நிஜமாகவே முடித்து, பொறியாளரிடம் முடிவுச் சான்று வாங்கியிருந்தால், கட்டும் காலம் 2023 மார்ச்சோடு நின்றிருக்கும். 2023-24இன் 2,40,000 அந்த ஆண்டின் நடப்பு வட்டியாகி, அதே ஆண்டில் முழு இரண்டு லட்சம் கழிந்திருக்கும். இப்போது அந்த வட்டி ஐந்து தவணைக்குள் போய், குடியிருந்தால் ஒரு பைசா தராது.

இன்னொரு கெடுவும் உண்டு. கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள், அதாவது இவர்களுக்கு 2027 மார்ச் 31க்குள், வீடு முடிய வேண்டும். தவறினால் குடியிருக்கும் வீட்டுக்கு வரம்பு 30,000 ஆகச் சுருங்கும். வாடகை வீட்டுக்கு இந்தக் கெடு இல்லை.

ஏற்காட்டில் இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி அதையும் சொந்த உபயோகம் என்று காட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு லட்சம்.

"நானும் சம்பாதிக்கிறேனே, பாதி இ.எம்.ஐ. என் கணக்குலதான் போகுது" என்றார் அந்தப் பெண். பத்திரத்திலும் கடனிலும் அவர் பெயரும் இருந்திருந்தால், வரம்பு ஆளுக்கு இரண்டு லட்சம். நாலு லட்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, குடியிருந்தபடியே இருவரும் பழைய முறையில் முழுசாகக் கழித்திருக்கலாம். பணம் கட்டினால் மட்டும் போதாது, வீட்டில் பங்கும் வேண்டும். இடம் பதிவு செய்யும்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் இருக்கும் வீடு மாமனாருடையது, அதற்கு வாடகை கிடையாது.