கடைவீதியில் கியூஆர்: யாரிடம் முதலில் போவது?

200 கடைகள் உள்ள ஒரு கடைவீதி. அதை டிஜிட்டல் பணத்துக்குப் பழக்க ஒரு வங்கியும் வணிகர் சங்கமும் சேர்ந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முகாம் போட்டு எல்லாக் கடைக்கும் ஒரே வாரத்தில் கியூஆர் அட்டை கொடுத்துவிடலாம். புதுமைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் பிரபலமாக்கிய வளைவைப் பின்பற்றி, புதுமையைத் தேடிப் போகிறவர்களில் தொடங்கித் தயங்குபவர்கள் வரை படிப்படியாகப் போகலாம். அல்லது கடைக்காரரை விட்டுவிட்டு, அவர் சரக்கு எடுக்கும் மண்டியிலிருந்து தொடங்கலாம்.

முகாம்தான் கண்ணுக்கு அழகு. ஒரு வாரத்தில் 200 அட்டை ஒட்டியாயிற்று என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் ஒட்டிய அட்டை வேறு, பணம் வாங்கும் அட்டை வேறு. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது எல்லாக் கடைக்காரருக்கும் ஒரே நெருக்கடி. அதனால் ஒரே வீச்சில் பலர் மாறினார்கள். கையில் நோட்டு திரும்பியதும் அவர்களில் நிறையப் பேர் பழையபடி கல்லாவுக்கே போனார்கள். எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்கும் நாட்களில் முகாம் வேலை செய்யும், சாதாரண நாட்களில் செய்யாது.

ரோஜர்ஸின் கணக்கில் புதுமை விரும்பிகள் 2.5 சதவீதம், முன்னோடிகள் 13.5, முந்திய பெரும்பான்மை 34, பிந்திய பெரும்பான்மை 34, கடைசியில் வருபவர்கள் 16. நம் வீதிக்கு இது 5, 27, 68, 68, 32 கடைகள். இதில் பலர் சறுக்குவது முதல் ஐந்து பேரிடம்தான். செல்போன் ரிப்பேர் கடைத் தம்பி போன வருஷமே எல்லா ஆப்பையும் போட்டுப் பார்த்திருப்பார். அவரை மாற்ற நாம் தேவையே இல்லை. ஆனால் பூக்கடைக்காரம்மா அவரைப் பார்த்து மாறப்போவதும் இல்லை. உழைப்பைக் கொட்ட வேண்டியது அடுத்த 27 பேரிடம். அவர்களைக் கண்டுபிடிக்க வயதோ படிப்போ உதவாது. ஒவ்வொரு கடையிலும், "லைசென்ஸ் புதுப்பிக்க, தராசுக்கு முத்திரை வைக்க, இந்த வீதியில் யாரைக் கேட்பீர்கள்?" என்று கேட்டால் போதும். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் முன்னோடிகள். மருந்துக்கடைக்காரரோ, இருபது வருஷமாக ஒரே இடத்தில் இருக்கும் மளிகைக்காரரோ, அப்படி யாராவது இருப்பார்கள்.

புதியதொன்றை மற்றவர் எப்போது எடுத்துக்கொள்வார் என்பதற்கு ரோஜர்ஸ் சொல்லும் காரணங்களில் இரண்டு இங்கே முக்கியம்: லாபம் தெரிய வேண்டும், அடுத்தவர் பார்க்கும்படி நடக்க வேண்டும். டீக்கடையில் மாலை நேரத்தைப் பாருங்கள். மாஸ்டரின் இரு கையிலும் வேலை, போன் சட்டைப்பையில். வாடிக்கையாளர் தன் போன் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார். அது இன்றைய பணமா, நேற்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டா என்று யார் பார்ப்பது? சவுண்ட்பாக்ஸ் வந்த பிறகு, "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொல்வதை மாஸ்டரும் கேட்கிறார், பக்கத்துக் கடையும் கேட்கிறது. பெட்டிக்கு மாத வாடகை உண்டுதான். ஆனாலும் முன்னோடிகளின் 27 கடைகளில் அட்டையோடு பெட்டியையும் வைப்பது, 200 கடைக்கும் வெறும் அட்டை கொடுப்பதைவிட நல்ல செலவு என்பேன்.

சரி, அப்படியானால் வளைவையே பிடித்துக்கொண்டு போய்விடலாமா? முடியாது. இந்த ஆய்வு மரபின் வேர் அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றிய 1943ஆம் ஆண்டு ஆய்வு. அங்கே பக்கத்து நிலத்துக்காரர் பழைய விதையை விதைத்தாலும் என் வயலில் புது விதை விளையும். பணம் அப்படியில்லை. என்னிடம் வந்த பணத்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டால்தான் அது எனக்குப் பயன்படும்.

ஒரு காய்கறிக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த அம்மாவுக்கு நாளைக்கு 6,000 ரூபாய் வியாபாரம். விடிகாலையில் மண்டியில் 4,500 ரொக்கம் வைக்க வேண்டும். தண்டல்காரருக்கு 500. சுமைக்கூலி, டெம்போ என்று 300. ஆக, 5,300 ரூபாய் நோட்டாகவே கையில் இருக்க வேண்டும். மீதி 700தான் வங்கிக் கணக்கில் விழுந்தால் அவருக்குச் சிரமமில்லை, அதாவது வியாபாரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. யுபிஐயில் 3,000 வந்துவிட்டால் 2,300 ரூபாய்க்கு விடிகாலை மூன்று மணிக்கு ஏடிஎம் தேட வேண்டும். "சில்லறை இருந்தா குடுங்க கண்ணு" என்று அவர் அட்டையைத் திருப்பி வைப்பது இதனால்தான். யுபிஐயில் பணம் வாங்கக் கடைக்காரரிடம் வங்கிக் கட்டணம் பிடிப்பது 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதனால் இலவசம், இலவசம் என்று அவரிடம் எத்தனை முறை சொன்னாலும் எடுபடாது. வளைவு அவரைக் கடைசி 16 சதவீதத்தில் போட்டுவிடும். குணத்தால் பின்தங்கியவர் என்று அவரை முடிவுகட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

இதே அம்மா சரக்கு எடுக்கும் மண்டி யுபிஐ வாங்கத் தொடங்கினால், அவருக்குத் தேவையான ரொக்கம் 800க்கு இறங்குகிறது. 5,200 வரை கணக்கில் வந்தாலும் பாதகமில்லை. மண்டியில் ஒரு கமிஷன் கடை மாறினால், அங்கே சரக்கு எடுக்கும் அத்தனை சில்லறைக் கடைக்கும் தடை விலகுகிறது. மூன்றாவது வழியின் பலம் இதுதான்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மண்டிக்காரர் விவசாயிக்கு ரொக்கமாகத் தர வேண்டியிருக்கும். அப்புறம் வரி பயம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அது காய்கறி விற்பவர் வரை போனது. பெங்களூரில் பல கடைகள் கியூஆரைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தன. முன்பே மாறிவிட்டவர்களும் இப்படித் திரும்பிப் போகலாம் என்பதை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்க வேண்டும். இதற்குக் கணக்கைக் காட்டித்தான் பேச வேண்டும். பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். நாளைக்கு 6,000 என்றால் வருஷம் முழுக்கத் திறந்தாலும் 22 லட்சத்தைத் தாண்டாது. போதாததற்கு, பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. மண்டிக்காரரிடமும் இப்படி அவர் கணக்கைக் காட்டிப் பேச அட்டை ஒட்டும் பையன் போதாது, சங்கத்தின் கணக்காளர் போக வேண்டும்.

என் தேர்வைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் அட்டையே கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு கடையிலும், இன்றைய வரவு நாளைக் காலை யார் கைக்குப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து, துணி, எலக்ட்ரிக்கல் மாதிரி, மொத்த வியாபாரிக்கு வங்கி வழியே பணம் கட்டும் கடைகளில் ரோஜர்ஸின் வரிசை நன்றாக வேலை செய்யும். காய், பூ, மீன் கடைகளுக்கு மண்டி வழி. முகாமை, வீதியில் பாதிக் கடை உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்துகிறார்களா என்பதை அட்டை எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் வரவு விழுந்தது, விழுந்ததை மறுநாளே மொத்தமாக ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். எடுத்துவிடுகிறார்கள் என்றால், அவருக்குச் சரக்கு கொடுப்பவர் இன்னும் மாறவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சிலர் மிஞ்சுவார்கள். விசாரித்தால், பழைய கடன் தவணை பாக்கி இருக்கும். கணக்கில் பணம் விழுந்த நிமிஷமே வங்கி பிடித்துக்கொள்ளும் என்ற பயம், பல நேரம் அது நடக்கவும் செய்கிறது. அவர்களிடம் கியூஆர் பற்றிப் பேசிப் பயனில்லை. கடனைத் திருத்தி அமைக்கும் அதிகாரம் உள்ள கிளை மேலாளரைத்தான் அவர்களிடம் அழைத்துப் போக வேண்டும்.