செம்பூரில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு: படத்தில் வராத சுவரைக் கேளுங்கள்

போன ஏப்ரலில் என் கணவருக்குத் திருச்சியிலிருந்து மும்பைக்கு மாற்றல் வந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பையனோடு போய்ச் சேர வேண்டும். நேரில் வீடு பார்க்க வழியில்லாமல், தரகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்பது படங்களை நம்பிச் செம்பூரில் ஒரு படுக்கையறை வீட்டைப் பிடித்தோம். வாடகை 34,000, டெபாசிட் ஒரு லட்சம், தரகு ஒரு மாத வாடகை. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் டோக்கன் குடுக்க வர்றாங்க மேடம்" என்று அவர் சொன்னதும் அன்றைக்கே 10,000 அனுப்பிவிட்டேன்.

மே மாத நடுவில் குடிபோனபோது வீடு படத்தில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. வெள்ளைச் சுவர், புதுப் பெயின்ட் வாசனை. மூன்றாவது வாரம் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தொட்டால் உதிர்ந்தது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஜூன் கடைசிக்குள் சுவரெல்லாம் கரும்புள்ளியாகப் பூஞ்சை. பையனுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. ராத்திரியெல்லாம் இருமினான்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "மும்பையில் மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். சுவர் ஊற ஆரம்பித்தபோது மழையே தொடங்கியிருக்கவில்லை. அதோடு, ஈரம் வந்தது வெளிச்சுவரில் இல்லை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற உள்சுவரில்.

நாங்களே கூப்பிட்ட பிளம்பர் வந்து விளக்கினார். இங்கே பல பழைய கட்டடங்களில் குளியலறைத் தளத்தை மட்டும் ஓர் அடி போல இறக்கிக் கட்டி, பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். தண்ணீர் வெளியே போகும் குழியை நஹனி ட்ராப் என்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள பூச்சு விட்டுப்போனால் குளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அந்த நிரப்பலுக்குள் இறங்கித் தேங்கும். பக்கத்துச் சுவர் அதைக் கீழிருந்து உறிஞ்சும். டைல்ஸைப் பெயர்த்து, தண்ணீர் கசியாத பூச்சு புதிதாகப் பூசினால்தான் தீரும். சுவருக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் நிற்காது.

கீழ்வீட்டு மாமியிடம் கேட்டேன். "என் பாத்ரூம் சீலிங் மூணு வருஷமா சொட்டிண்டிருக்கும்மா. ஆள் காலி பண்ணினா காயும், குடி வந்தா மறுபடி சொட்டும்" என்றார். எனக்கு விஷயம் புரிந்தது அப்போதுதான். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்திருக்கிறது. குளிக்க ஆள் இல்லாததால் சுவர் காய்ந்திருக்கிறது. காய்ந்ததும் பெயின்ட் அடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அந்த ஒன்பது படங்களையும் மறுபடி திறந்து பார்த்தேன். என்னை ஏமாற்றியதற்கான தடயம் எல்லாம் அதிலேயே இருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் அறையைச் சதுரமாக வரைந்து, ஒவ்வொரு படமும் எந்தச் சுவரைக் காட்டுகிறது என்று குறித்தேன். படுக்கையறைக்கு மூன்று படம். ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று அலமாரி பக்கம், ஒன்று வாசல் பக்கம். குளியலறைச் சுவர் ஒன்றில்கூட முழுதாக இல்லை. வாசல் படத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

அந்தப் படம் மற்றவற்றைப் போல உயரமாகவும் இல்லை, ஏறக்குறையச் சதுரமாக இருந்தது. ஒரே போனில் எடுத்த படங்கள் பொதுவாக ஒரே அளவு விகிதத்தில் இருக்கும். மற்ற எட்டும் 3:4. இது மட்டும் கீழே வெட்டப்பட்டிருந்தது. கட்டில் கால்கள் பாதியில் நிற்கின்றன, தரையும் தெரியவில்லை, சுவரடி டைல்ஸ் பட்டையும் தெரியவில்லை. சரியாக அந்த இரண்டு அடி. சில தளங்கள் முகப்பில் காட்டும்போது தாமாகவே வெட்டிவிடும் என்பதால், படத்தை முழுதாகத் திறந்துதான் இதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் போன் கேலரியில் அதே படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். ஒரே வெள்ளையாகத் தெரிந்த சுவரில், குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே பளிச்சென்று புது வெள்ளை, மேலே லேசாகப் பழுத்த பழைய வெள்ளை. வாடகைக்கு விடும் முன் வீடு முழுக்கப் பெயின்ட் அடிப்பது சாதாரணம், அதில் தப்பில்லை. ஒரு சுவரில் அடிப்பாகம் மட்டும் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். வெளிச்சம் மிதமிஞ்சி விழுந்து வெளுத்துப்போன படத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே மீட்டெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அப்படிப்பட்ட படம் வந்தால் வேறு படம் கேளுங்கள்.

கடைசியாகக் குளியலறைப் படம். கதவின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு அலுமினியத் தகடு அடித்திருந்தது. மரம் ஊறி உப்பிப்போன கதவுக்கு அப்படித்தான் தகடு அடிப்பார்கள். படம் வந்த அன்றைக்கு நான் டைல்ஸ் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் லாக்-இன் இருந்ததால், செப்டம்பரில் காலி செய்தபோது வீட்டுக்காரர் டெபாசிட்டில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். தரகும் போச்சு. வண்டிக் கூலி வேறு.

அடுத்த வீட்டுக்கு டோக்கன் தருவதற்கு முன் தரகர்களை வீடியோ காலில் வரச் சொன்னேன். வாசலில் நின்று ஒவ்வொரு அறையையும் நிறுத்தி நிதானமாகச் சுற்றிக் காட்டச் சொன்னேன். குளியலறையை ஒட்டிய சுவரை வெளியிலிருந்து தரையோடு காட்டச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறைந்துவிடும் கொப்புளமும் மேடு பள்ளமும் அப்போது நிழல் விழுந்து தெரியும். வீடு எத்தனை நாளாகக் காலி என்றும் கேட்டேன். காலியாக இருக்கும் வீடு என்றால், கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் கறை இருக்கிறதா என்று காவலாளியிடமோ கீழ்வீட்டிலோ விசாரிக்க வேண்டும். அதைப் படமோ வீடியோவோ சொல்லாது. வாடையையும் சொல்லாது. முதல் இரண்டு தரகர்கள், டார்ச் என்றதும் சாவி இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நழுவிவிட்டார்கள். மூன்றாமவர் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம்.

பழைய வீடு போன வாரம் மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை, வாடகை இப்போது 36,000. இந்த முறை அந்தச் சுவர் படத்தில் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை மர நிறத்தில் பிளாஸ்டிக் பேனல் ஒட்டி மூடியிருக்கிறார்கள்.