10 மணி நேரமா, 9 மணி 14 நிமிடமா: எந்த விளம்பர வரியை நம்புவார்கள்?

ஒரு கை டார்ச்சை விற்க வேண்டும். அது எவ்வளவு நேரம் எரியும் என்று சொல்ல, பெட்டியின் முகப்பில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. மூன்று வரிகள் போட்டியிடுகின்றன. முதல் வரி, "ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணி நேரம் எரியும்." இரண்டாவது, "சராசரியாக 9 மணி 14 நிமிடம் எரியும்." மூன்றாவதில் எரியும் நேரம் என்ற பேச்சே நேரடியாக இல்லை. "எட்டாவது மணி நேரத்திலும் இதன் வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம்" என்கிறது.

மூன்றும் ஒரே சோதனையில் பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். 12 டார்ச்களை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரே அறையில் எரியவிட்டுக் குறித்தார்கள். முதலில் அணைந்தது 8 மணி 10 நிமிடம் தாங்கியது. கடைசியாக அணைந்தது 10 மணி 5 நிமிடம் வரை போனது. சராசரி 9 மணி 14 நிமிடம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் மூன்றையும் எடைபோட வேண்டும்.

முதல் வரியை வேகமாகக் கடந்துவிடலாம். முழு எண்ணைப் பார்த்ததும் "சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறார்கள்" என்று படிப்பவர் தாமாகவே கொஞ்சம் கழித்துக்கொள்வார். அதில் தவறும் இல்லை, ஏனென்றால் நாம் எல்லோரும் தோராயமாகப் பேசும்போதுதான் முழு எண்ணைச் சொல்கிறோம். இங்கே அந்த வரி உண்மையும் இல்லை. 10 மணி நேரத்தைத் தொட்டதே அபூர்வம். "10 மணி நேரம் வரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சட்டத்துக்குத் தப்பலாம், ஆனால் அந்த "வரை" எதற்கு வந்தது என்று வாங்குபவருக்குத் தெரியும்.

இரண்டாவது வரியின் பலம் வேறு. 2006-இல் ராபர்ட் ஷிண்ட்லர், ரிச்சர்ட் யால்ச் என்ற இரு ஆய்வாளர்கள் வியர்வை நாற்றம் போக்கும் பொருளின் விளம்பரத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். 50 சதவீதம் என்ற எண்ணைவிட 47, 53 போன்ற எண்கள் உண்மையில் அளந்து சொன்னவையாகப் படிப்பவர்களுக்குத் தோன்றின. 2012-இல் சார்லஸ் ஜாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் நம் டார்ச்சுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைக் காட்டினார்கள். ஒரே கால அளவை மணியில் சொல்வதைவிட நிமிடத்தில் சொன்னால், பொருள் அந்த அளவுக்கு அருகிலேயே உழைக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். நுணுக்கமாகச் சொல்கிறவர் நுணுக்கமாக அளந்திருப்பார் என்ற எண்ணம்தான் காரணம்.

பலர் இதோடு நிறுத்திக்கொண்டு, "எண்ணை உடைத்துச் சொல், நம்புவார்கள்" என்று பாடம் எடுக்கிறார்கள். ஆனால் அதே 2012 ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. சொல்பவருக்கு விஷயம் தெரிந்திருக்குமா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் இந்த நுணுக்கம் வேலை செய்வதில்லை. அதாவது நம்பிக்கை அந்த "14 நிமிடத்தில்" இல்லை. அளந்திருப்பார் என்ற ஊகத்தில்தான் இருக்கிறது. அந்த ஊகத்தைத் தாங்க வரியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நம் சோதனைக்கே திரும்புவோம். அந்த 14 நிமிடம் எவ்வளவு உறுதியானது? 12 டார்ச்களுக்கு இடையில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. இவ்வளவு சிதறல் இருந்தால், நாளை அதே கிடங்கிலிருந்து வேறு 12 டார்ச்களை எடுத்துச் சோதித்தாலும் சராசரி 10, 15 நிமிடம் முன்பின்னாக வருவது சாதாரணம். 9 மணி 2 நிமிடம் என்று வரலாம், 9 மணி 27 நிமிடம் என்றும் வரலாம். ஆக "9 மணி" என்பது சோதனை சொன்னது, "14 நிமிடம்" என்பது கால்குலேட்டர் சொன்னது. பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் இல்லாத உறுதியை அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள் கடன் வாங்குகின்றன.

சதவீதத்தில் இது இன்னும் மோசமாகும். 12-இல் 11 டார்ச்கள் எட்டரை மணி நேரத்தைத் தாண்டின என்றால், அதை "91.7 சதவீத டார்ச்கள்" என்றும் எழுதலாம். பெரிய ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் சோதித்ததுபோல ஒலிக்கும். இருந்தது 12 டார்ச். இப்படிப் புள்ளி வைத்த சதவீதத்தைப் பார்த்தால் முதலில் "எத்தனையில் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் பக்கத்திலேயே அச்சாகவில்லை என்றால் எண்ணிக்கை சொல்லிக்கொள்ளும்படி இருக்காது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

துறை தெரிந்தவர்களிடம் இந்த மிகை நுணுக்கம் திரும்பியும் அடிக்கும். பேரம் பேசுவது பற்றி 2016-இல் டேவிட் லோஷெல்டரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், ஓரளவு நுணுக்கமான விலை நிபுணர்களிடமும் எடுபட்டது, ஆனால் அளவுக்கு மீறி நுணுக்கமாகச் சொன்னபோது இவருக்கு விவரம் போதாது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். பேட்டரி பற்றித் தெரிந்த ஒருவர் நிமிடக் கணக்கைப் பார்த்தால் அதே முடிவுக்குத்தான் வருவார்.

சரி, இலக்கம் உறுதியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. "எரியும்" என்றால் என்ன? டார்ச்களுக்கான அமெரிக்கத் தரநிலை FL1-இன்படி, தொடக்கத்தில் இருந்த வெளிச்சம் 10 சதவீதத்துக்குக் குறையும் வரை அது எரிவதாகத்தான் கணக்கு. நம் சோதனையிலும் "அணைந்தது" என்றால் இதுதான் என்று வைத்துக்கொள்வோம். கைக்கடக்கமான பல டார்ச்கள் சூடேறாமல் இருக்க, முதல் சில நிமிடங்களிலேயே வெளிச்சத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சத்தின் அளவைக் காட்டப் பெட்டியில் போட்ட பெரிய லூமென் எண்ணும் உண்மை, மணிக்கணக்கும் உண்மை, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எண்ணை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும், எதை அளந்தோம் என்று எழுதாதவரை வாங்குபவர் தமக்குப் பிடித்த அர்த்தத்தைப் போட்டுப் படிப்பார்.

சரியாகச் செய்த துல்லிய எண் எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஐவரி சோப். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதை 1882-லிருந்து 99 44/100 சதவீதம் தூய்மையானது என்று விளம்பரம் செய்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வேதியியல் பரிசோதனை இருந்தது. சோப்பில் சேராமல் நின்ற காரம் 0.11, கார்பனேட் 0.28, தாதுப் பொருள் 0.17 சதவீதம். கூட்டினால் 0.56, நூறிலிருந்து கழித்தால் விளம்பரத்தில் வந்த எண். அழுக்கு இவ்வளவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பிறந்த எண் அது. அதனால்தான் நூறு சதவீதம் என்பதைவிட அது கனமாக ஒலித்தது. ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும்: சோப்பில் வேண்டாதது எவ்வளவு என்றுதான் அது சொல்கிறது, துணி எவ்வளவு வெளுக்கும் என்று சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது வரிக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிறிய உண்மை விவரத்தின் பலம், படிப்பவர் அதைத் தாமே சரிபார்க்கலாம் என்பது. 1958-இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு விளம்பர உலகில் எல்லோருக்கும் தெரியும். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் பெரிதாகக் கேட்பது மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்றது அது. அமைதியை டெசிபல் எண்ணில் சொல்லியிருந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கடிகாரச் சத்தம் எல்லோருக்கும் தெரியும், வண்டியில் ஏறி உட்கார்ந்து காதால் கேட்டும் பார்க்கலாம். கூடவே 60 மைல் என்ற நிபந்தனையும் தலைப்பிலேயே இருந்தது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் அது நிறுத்தி வைத்த காரைப் பற்றிய வரியாகவும் இருந்திருக்கலாம்.

புத்தகம் படிக்கலாம் என்ற நம் வரியும் இந்த வகைதான். 10 சதவீதம் என்ற தரநிலைக் கணக்கு தெரியாதவருக்கும், எட்டாவது மணி நேரத்தில் வெளிச்சம் எதற்கு உதவும் என்று புரிகிறது. ஆனால் இதற்கும் சோதனை வேண்டும். எந்த டார்ச்? எவ்வளவு தூரத்தில் புத்தகம்? எவ்வளவு சிறிய எழுத்து? நன்றாக எரிந்த ஒன்றை மட்டும் எடுத்து, பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால், அது உண்மைத் துணுக்கை வைத்துச் சொன்ன பொய்.

விவரங்களில் அலங்கார விவரம் என்று ஒரு வகையும் இருக்கிறது. "ஒவ்வொரு டார்ச்சின் மூடியிலும் ஆறு திருகுச் சுற்றுகள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். கேட்கும்போது கவனமாகச் செய்த பொருள் என்று தோன்றும். ஆனால் எரியும் நேரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அந்த விவரத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். சொன்ன உரிமைகோரலின் ஆதாரம் குறைகிறதா, அழகு மட்டும் குறைகிறதா? அழகு மட்டும் குறைந்தால் அந்த விவரம் அங்கே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் பெட்டி முகப்புக்கு மூன்றாவது வரி. இணையத்தில் பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குபவர்களுக்கு அது போதாது, அவர்கள் எண்ணைத் தேடித்தான் வருவார்கள். அங்கே இரண்டாவதைத் திருத்தி வைக்கலாம். நான் எழுதினால் இப்படி வரும்: "12 டார்ச்களை முழு சார்ஜில் எரியவிட்டோம். 11 டார்ச்கள் எட்டரை மணி நேரத்தைத் தாண்டின. ஒன்று 8 மணி 10 நிமிடத்தில் நின்றது. வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கு."

இதில் சராசரி இல்லை, அது இல்லாதது நஷ்டமும் இல்லை. வாங்குபவர் கையில் வரப்போவது ஒரே ஒரு டார்ச், அது எவ்வளவு மோசமாக இருக்கலாம் என்றுதான் அவர் கவலைப்படுவார். 8 மணி 10 நிமிடம் என்பது கணக்கிட்ட எண்ணும் இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது, அதனால் அங்கே நிமிடத்துக்கு இடம் உண்டு. பின்தங்கிய டார்ச்சையும் சேர்த்துச் சொல்வதால் விற்பனை குறையும் என்று அஞ்சுவார்கள். மற்ற 11-ஐ நம்ப வைப்பதே அந்த ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், இந்த வரிக்கு ஆயுள் உண்டு. பேட்டரி வேறு இடத்திலிருந்து வரத் தொடங்கினாலோ, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் மாறினாலோ பழைய 12 டார்ச்களின் கணக்கு செல்லாது. சோதித்த மாதத்தையும் பேட்டரி வகையையும் வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டுவிட்டால், அடுத்த அச்சுக்கு முன்னால் யாராவது ஒருவர் கட்டாயம் அதைப் பார்த்து மறுபடி சோதிக்கச் சொல்வார்.