ப்ரூஃப் ஓகே ஆன பிறகும் பத்திரிகை தப்பாக வரும்: அதிகாலை முகூர்த்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனம்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். போன வருஷம் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. 500 பத்திரிகை, தமிழும் ஆங்கிலமும், மூன்று மடிப்பு அட்டை. ப்ரூஃபைப் பார்த்தார்கள், திருத்தினார்கள், ஓகேயும் சொன்னார்கள். டெலிவரி வந்தபோது தமிழ்ப் பக்கத்தில் கல்யாணம் வியாழக்கிழமை, ஆங்கிலப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை.

குழப்பம் ஜோதிடர் எழுதிக் கொடுத்த குறிப்பில் இருந்தே தொடங்குகிறது. அதில் இருந்தது: விசுவாவசு வருடம், ஆவணி 12, வியாழன் விடிந்தால் வெள்ளி, 4.30 முதல் 6.00. இதில் தவறே இல்லை. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கும். விடியற்காலை 4.30 என்பது அந்தக் கணக்கில் இன்னும் வியாழன்தான், ஆவணி 12தான். காலண்டரிலோ நள்ளிரவு 12 மணிக்கே 29.8.2025 வெள்ளி பிறந்துவிட்டது. டி.டி.பி. செய்பவர் "விடிந்தால் வெள்ளி" என்பதை விட்டுவிட்டு, "ஆவணி 12ஆம் நாள் (28.8.2025) வியாழக்கிழமை காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்" என்று அடித்தார். தமிழ்ப் பக்கத்தை மட்டும் படிக்கும் உறவினர் சரியாக ஒரு நாள் முன்னதாக மண்டப வாசலில் நிற்பார்.

இதோடு போகவில்லை. வரவேற்புக்கு நேரம் "முன்தினம் மாலை 6.30 மணி" என்று போட்டிருந்தார்கள். எதற்கு முன்தினம்? தமிழ்ப் பக்கத்தின்படி புதன், ஆங்கிலப் பக்கத்தின்படி வியாழன். முகூர்த்தத் தேதியில் ஒரு பிழை வந்தால் அதைத் தொட்டு எழுதிய எல்லாமே நகர்ந்துவிடும். அதனால் பத்திரிகையில் "முன்தினம்", "மறுநாள்" என்ற சொற்களே வேண்டாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

அதிகாலை முகூர்த்தத்துக்கு இப்படி அடித்தால் யாருக்கும் சந்தேகம் வராது: "விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் நாள் வியாழக்கிழமை பின்னிரவு, 29.8.2025 வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்". பஞ்சாங்கத் தேதியும் நிற்கும், காலண்டர் தேதியும் நிற்கும். இரண்டு கிழமை வருவது பார்க்க அழகில்லை என்று வடிவமைப்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். திதி, நட்சத்திரம், யோகம் எல்லாவற்றையும் ஜோதிடர் எழுதியபடியே போடுங்கள். கடையில் இருக்கும் பழைய பத்திரிகை மேட்டரில் இருந்து எடுக்க விடாதீர்கள். சித்திரை பிறந்த பிறகும் போன வருடப் பெயரோடு பத்திரிகை வெளிவருவது இப்படித்தான்.

இனி கடைக்காரர் செய்த வேலை. முதல் ப்ரூஃபில் இருந்த இந்தத் தேதிப் பிழையைக் குடும்பத்தார் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்கள். இரண்டாவது ப்ரூஃப் சரியாக வந்தது. ஓகே சொன்னார்கள். அதன் பிறகு பெண் வீட்டார் தாய்மாமன் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். "ஒரு வரிதானே, நான் பார்த்துக்கறேன்" என்றார் கடைக்காரர். புது ப்ரூஃப் அனுப்பவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த முதல் ஃபைலைத் திறந்து, அதில் மாமன் பெயரைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்திய பிழைகள் எல்லாம் திரும்பி வந்தது அதனால்தான். மணமகனின் அப்பா பெயர் ஞானசேகரன். எல்லா ஆவணத்திலும் ஆங்கில இனிஷியல் 'ஜி'. அச்சில் 'என்' என்று வந்தது. திருமணப் பதிவுக்குப் பத்திரிகையையும் சான்றாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஆங்கிலப் பெயர்களைக் காதில் விழுந்தபடி அடிக்க விடாமல், ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ள எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் மனதைப் புண்படுத்தியது வேறொன்று. கூடுதல் வரிக்கு இடம் வேண்டுமென்று எழுத்தின் அளவை 12இல் இருந்து 11 ஆகக் குறைத்தார்கள். வரிகள் எல்லாம் புதிதாக மடங்கின. மணமகனின் அப்பா வழித் தாத்தா உயிரோடு இருக்கிறார். அம்மா வழித் தாத்தா காலமாகிவிட்டார். இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வரும் இடத்தில், இரண்டாமவருக்கு முன்னால் இருக்க வேண்டிய "தெய்வத்திரு" முந்தைய வரியின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. படிப்பவர் கண்ணுக்கு, உயிரோடு இருக்கும் பெரியவர் பெயருக்குப் பின்னால் தெய்வத்திரு. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தப் பத்திரிகையை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? ஒவ்வொரு தம்பதி பெயரையும் தனி வரியாக வைத்து, வரி முடிவில் என்டர் தட்டச் சொல்லுங்கள். தானாக மடங்கும் பத்தியாக விட்டால், எழுத்தின் அளவை மாற்றும்போதெல்லாம் இது நடக்கலாம்.

நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோட். பல கடைகளில் அலங்கார எழுத்து பழைய பாமினி மாதிரியான ஃபான்ட்டில்தான் இருக்கிறது. நேரடியாக ஒட்டினால் எழுத்து கலைந்துவிடும், அதனால் பார்த்துத் திரும்ப அடிக்கிறார்கள். நீங்கள் சரியாக அனுப்பியதே அச்சில் ன, ண மாறியும், கௌரியில் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' விழுந்தும் வருவதற்குக் காரணம் இதுதான்.

மடிப்பிலும் கோட்டை விட்டிருந்தார்கள். விரித்தால் 24 செ.மீ., மூன்று பக்கமும் சமமாக 8 செ.மீ. உள்ளே மடியும் பக்கம் ஒன்றரை, இரண்டு மி.மீ. குறைவாக இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 7.8 செ.மீ. இல்லாவிட்டால் ஓரம் முட்டி, அட்டை மூடாமல் வயிறு தள்ளி நிற்கும். 300 ஜி.எஸ்.எம். கெட்டி அட்டையில், மடிக்கும் முன் கோட்டை அழுத்திப் பதிக்கும் கிரீசிங் போடாமல் மடித்ததால், மடிப்புக் கோட்டின் மேல் ஓடிய தங்க ஃபாயிலும் வெடித்திருந்தது. ஸ்கிரீனில் பார்க்கும் ப்ரூஃபில் இந்த இரண்டுமே தெரியாது. நிஜ அளவில், அதே அட்டையில், மடித்த டம்மி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "நீங்க ஓகே சொல்லித்தானே அடிச்சோம்." பில்லின் அடியில் பொடி எழுத்தில் "பிழைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல". தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். மறுபடி அடிக்க அட்டைக்கும் சேர்த்து முழுப் பணம் கேட்டார்கள். அது கம்பெனியில் இருந்து வரும் ரெடிமேட் அட்டை. அதே டிசைன் ஸ்டாக்கில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே ஓகே சொல்லும்போது "ஓகே" என்று மட்டும் அனுப்பாதீர்கள். "இந்த பி.டி.எஃப்., 3ஆம் ப்ரூஃப், இதில் ஒரு எழுத்து மாறினாலும் புது ப்ரூஃப் வேண்டும்" என்று எழுத்தில் அனுப்புங்கள். சேர்த்த வரியை மட்டும் காட்டினால் ஏற்காமல், மேட்டர் முழுவதையும் வாங்கி முதலில் இருந்து படியுங்கள். ஒருவர் ஜோதிடர் குறிப்பைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் ப்ரூஃபில் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. முதல் ஐந்து பத்திரிகை அச்சானதும் நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லுங்கள்; பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். 500 பத்திரிகை வேண்டுமென்றால், அதே டிசைனில் 50 வெற்று அட்டை கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் கட்டிலேயே பிழை கண்ணில் பட்டால் வீணானதை ஈடுகட்ட அது உதவும்.